பானைத் தயிர் ஆடி மாதத்தில் ஏன் தண்ணீர் விடுகிறது

ரங்கூன் நகரின் நடுவே மெஸ் நடத்தும் அக்கா ஒருவர் போன ஆடியில் கூப்பிட்டார். "தம்பி, அதே பால்காரர், அதே உறைமோர், அதே சட்டி. சித்திரையில் கரண்டியால் வெட்டி எடுத்த தயிர் இப்போது மோராகக் கிடக்கிறது. பாலில் தண்ணீர் கலக்கிறானா, பார்த்துச் சொல்லு" என்றார்.

பால், தயிர் இவற்றின் தரம் பார்ப்பதுதான் என் வேலை. இப்படிக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது பால்காரரைத்தான். அவர் பாலை எடுத்துப் போய்ப் பார்த்தேன். பாலில் குறையில்லை. அப்புறம்தான் சட்டியைக் கையில் எடுத்தேன். பார்த்தால் காய்ந்திருந்தது, ஆனால் அந்த அளவுச் சட்டிக்கு இருக்கவேண்டியதைவிடக் கனத்தது. தராசில் வைத்தால் 920 கிராம். அடுப்புக்கு மேலே பலகையில் இரண்டு நாள் கவிழ்த்து வைத்து மறுபடி நிறுத்தபோது 830. இடைப்பட்ட 90 கிராமும் மண்ணுக்குள் ஒளிந்திருந்த தண்ணீர்.

மண்சட்டியில் தயிர் கெட்டியாவதற்குக் காரணம் இந்தத் தண்ணீர்க் கணக்குதான். மெருகு பூசாமல் சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய உண்டு. நன்றாகக் காய்ந்த சட்டி தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலேயே தண்ணீர் குடிக்கும். 830 கிராம் சட்டி என்றால் ஏறக்குறைய 100 கிராம். உறை ஊற்றிய பாலிலிருந்து அந்த அளவு நீரைச் சுவர் இழுத்துக்கொள்கிறது. பாலின் கொழுப்பும், தயிருக்கு உருவம் தரும் கேசின் என்ற புரதமும் துளைக்குப் பெரியவை. அவை பெரும்பாலும் உள்ளேயே நிற்கும். கொஞ்சம் பால்சர்க்கரையும் உப்பும் மட்டும் நீரோடு போகும்.

இங்கே பால் வீசைக் கணக்கில்தான் வருகிறது. ஒரு வீசை சுமார் 1.63 கிலோ. பசும்பாலில் நீர் போக மிஞ்சும் சத்து நூற்றுக்குப் பன்னிரண்டரை என்று வைத்துக்கொண்டால், ஒரு வீசையில் அது 204 கிராம். சுவர் 100 கிராம் நீரை இழுத்து, இரவில் இன்னும் 30 கிராம் வெளிப்புறமாக ஆவியாகிப் போனால் மிஞ்சுவது ஒன்றரைக் கிலோ. நீரோடு போன சர்க்கரையைக் கழித்தாலும் சத்து பதின்மூன்றுக்கு மேலே நிற்கிறது. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் தயிர் என்பது புரத வலைக்குள் பிடித்து வைத்த நீர்தானே; வலை சற்று நெருங்கி, பிடிக்கவேண்டிய நீரும் சற்றுக் குறைந்தால், கரண்டி வைத்த இடத்தில் பள்ளம் அப்படியே நிற்கும்.

ஸ்டீலிலும் பிளாஸ்டிக்கிலும் நீர் போக வழியில்லை. புளிப்பு ஏற ஏற வலை இறுகிப் பிழியும் தெளிநீர் மேலேதான் தேங்கும். இறுக மூடிவிட்டால் மூடியின் அடியில் வியர்க்கும் நீரும் அதில் சொட்டும். ஸ்டீலுக்கு இன்னொரு குறை, சூட்டை விரைவாக விட்டுவிடுவது. மார்கழி இரவில் சிமென்ட் தரையில் வைத்த ஸ்டீல் பாத்திரத்தில் அடிப்பக்கம் உறையாமல் கிடப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக்கைச் சூட்டு விஷயத்தில் குறை சொல்ல முடியாது, நன்றாகவே பிடித்து வைக்கும். ஆனால் கீறல் விழுந்த பிளாஸ்டிக்கில் கொழுப்பும் வாடையும் ஏறிவிட்டால் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மண்ணின் காரத்தன்மை புளிப்பைப் போக்குகிறது என்பதை நான் நம்புவதில்லை. பானைத் தயிர் புளிக்காமல் இருப்பதற்குக் காரணம் குளிர்ச்சி. சுவர் வழியே ஆவியாகும் நீர் சூட்டையும் கூடவே எடுத்துப் போகிறது. இந்த ஊரில் வீட்டு வாசலிலும் சாலையோரத்திலும் வழிப்போக்கர் குடிக்க வைத்திருக்கும் தண்ணீர்ப் பானை குளிர்வதும் இதனால்தான். இன்னொன்று, ஒரு வீசைப் பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி பால்பவுடர் கலந்து காய்ச்சினால் ஸ்டீலிலேயே கிட்டத்தட்ட இதே கெட்டி வரும். மண்வாசனைதான் வராது.

குளிர்ச்சியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. உறையும்போதே சட்டி குளிர்ந்துவிட்டால் தயிர் உறையாமல் கொழகொழவென்று நிற்கும். அதனால் பாலைப் பொங்கவிட்டு, சிறு தீயில் இன்னும் பத்து நிமிடம் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது 43 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு ஊற்றச் சொல்வேன். குளிர்ந்த சட்டியே ஒன்றரை டிகிரியைத் தின்றுவிடும். உறையும் வரை, நாலைந்து மணி நேரம், சட்டியைத் துணியால் சுற்றி வைக்கவேண்டும். உறைந்த பிறகு துணியை எடுத்து, வாயை மெல்லிய துணியால் கட்டி, பிரிமணை மேல் காற்றுப் படும் இடத்தில் வைத்தால் மிச்ச நீர் போவதும் குளிர்வதும் சேர்ந்து நடக்கும். ஈரத் தரையில் வைத்தால் அடிப்பக்கம் மூச்சு விடாது.

சரி, அக்காவின் சட்டிக்கு வருவோம். சித்திரையில் வெயில் இருந்தது. கழுவிக் கவிழ்த்த சட்டி மாலைக்குள் காய்ந்தது. ஆடியில் ரங்கூன் காற்றே தண்ணீர். காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். அன்று கழுவிய சட்டியை அன்று மாலையே மறுபடி நிரப்பினார். குடிக்கக்கூடிய 100 கிராமில் 90 ஏற்கெனவே வயிற்றில் இருந்தது. வெளியே ஆவியாகவும் வழியில்லை. பெயர்தான் மண்சட்டி, வேலை ஸ்டீல் வேலை.

அவருக்கு நம்பிக்கை வரட்டும் என்று ஒரே பாலை மூன்றாகப் பிரித்து உறை ஊற்றினோம்: ஈரச் சட்டி, காய்ந்த சட்டி, ஸ்டீல். மறுநாள் சாய்த்துப் பார்த்தால் ஈரச் சட்டியிலும் ஸ்டீலிலும் ஏறக்குறைய மூன்று மேசைக்கரண்டி தெளிநீர். காய்ந்த சட்டியில் ஒரு கரண்டிகூட இல்லை. "அப்போ பாவம் அந்தப் பால்காரரை நான் திட்டியது?" என்றார். அதற்கு என்னிடம் மருந்தில்லை.

ஈரம் மட்டும் பிரச்சினை இல்லை. சட்டிக்குள் வெந்நீர் ஊற்றி மூடிப் பத்து நிமிடம் கழித்து முகர்ந்து பார்த்தேன், எலுமிச்சை வாடை. பாத்திரம் கழுவும் திரவத்தில் தினமும் தேய்த்திருக்கிறார்கள். ஸ்டீலில் அலசினால் போய்விடும். மண்ணோ அதைக் குடித்து வைத்துக்கொண்டு அடுத்த நாள் தயிரில் கக்கும். பிளீச்சிங் தூளுக்கும் இதே தடைதான். இன்னொரு சட்டியில் பழைய நெய் வாடை. உள்சுவரில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சுத்தமான சட்டியில் சில நொடிகளில் சொட்டு மறைந்துவிடும். இதில் தாமரை இலைத் தண்ணீராக நின்றது. கொழுப்பும் புரதமும் துளைகளை அடைத்துவிட்டன என்று அர்த்தம். அடைபட்ட சட்டி எவ்வளவு காய்ந்தாலும் நீர் குடிக்காது. போதாததற்கு, துளைக்குள் தங்கிய மிச்சத்தில் ஈஸ்டும் பூஞ்சையும் குடியேறும். தயிரில் சாராய வாடையோ, குமிழியோ, இளஞ்சிவப்புப் புள்ளியோ தெரிந்தால் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடாதீர்கள், முழுவதையும் கொட்டுங்கள்.

கழுவும் முறையில் வரிசைதான் முக்கியம். தயிர் தீர்ந்த உடனே, காய விடாமல், முதலில் பச்சைத் தண்ணீர். எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால் பால்புரதம் வெந்து துளையிலேயே ஒட்டிக்கொள்ளும். தேங்காய் நாரும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்து, வெள்ளை நீர் வருவது நின்ற பிறகே வெந்நீர். வாரம் ஒருமுறை பெரிய பாத்திரத்தில் பச்சைத் தண்ணீருக்குள் சட்டியை முழுக வைத்து, மெல்லச் சூடேற்றி, கால் மணி நேரம் கொதிக்க விடுங்கள். கொதிக்கும் நீருக்குள் சட்டியைத் திடீரென்று இறக்கினால் விரிசல் விடும்.

சொட்டு நிற்கிற சட்டி என்றால், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி ஆப்பச்சோடா போட்டுக் கொதிக்கவைத்து, பிறகு வெறும் நீரில் இரண்டு முறை கொதிக்க வையுங்கள். காய்ந்த பிறகும் சொட்டு நின்றால் அதில் கறிவேப்பிலை நடலாம்.

கவிழ்க்கும்போது வாய் தரையோடு ஒட்டாமல் ஒரு குச்சியை முட்டுக் கொடுங்கள். மழைக்காலத்தில் அடுப்புக்கு மேல் பலகைதான் வழி. அவசரத்துக்கு ஈரச் சட்டியை நேராகத் தீயில் காட்டினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிச் சட்டியை உடைக்கும். வெளியே வெள்ளையாகப் பூத்திருந்தால் பயப்படவேண்டாம், முதலில் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். கரைந்தால் அது உப்பு. பஞ்சுபோல் இழுபட்டு மக்கல் வாடை அடித்தால் பூஞ்சை. பூஞ்சை உள்பக்கம் வந்த சட்டியை நான் யாருக்கும் காப்பாற்றித் தருவதில்லை.

புதுச்சட்டி வாங்க ஆற்றைத் தாண்டித் துவாந்தே போகிறவர்களுக்கு ஒரு சொல். அங்கே பளபளவென்று மெருகிட்ட பாத்திரங்களும் அழகழகாகக் கிடைக்கும். தயிருக்கு அவை வேண்டாம். மெருகு துளையை மூடிவிடுவதால் ஸ்டீலுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. போதாததற்கு, ஈயம் கலந்த மெருகாக இருந்தால் புளிப்பு அதைத் தயிருக்குள் இழுக்கும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மெருகில்லாத சட்டியை ஈர வெள்ளைத் துணியால் துடையுங்கள். சாயம் ஒட்டினால் வைத்துவிடுங்கள். வாங்கியதை ஒரு நாள் ஊறவைத்து, நீர் மாற்றி, தேய்த்து, முழுக்கக் காயவைத்து நிறுத்து, அந்த எடையை அடியில் பென்சிலால் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் அந்த எண்ணுக்கு ஐந்து பத்து கிராம் பக்கத்தில் வந்தால்தான் பால் ஊற்றவேண்டும்.

அக்கா ஆறு சட்டியைப் பதினெட்டாக்கிவிட்டார்: ஆறில் தயிர், பன்னிரண்டு பலகையில். அடை மழையில் அதுவும் காயாத நாட்களில் ஸ்டீலும் பால்பவுடரும்தான். அன்று மட்டும் சாப்பிட வருகிறவர்கள் "என்னக்கா, இன்றைக்குச் சட்டித் தயிர் இல்லையா" என்று கேட்கிறார்களாம்.