‘நம்பிக்கை இடைவெளி’ என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன புரிகிறது?

எஃகுப் போல்ட்டுகளின் இழுவிசைச் சோதனை அறிக்கை ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் தமிழாக்கம் செய்தபோது, நான் எழுதிய ஒரு வாக்கியம் பிழையானது என்பதை அந்த அறிக்கையின் பின்னிணைப்பே காட்டிக்கொடுத்தது. பத்துப் போல்ட்டுகளைச் சோதித்திருந்தார்கள். சராசரி வலிமை 520 மெகாபாஸ்கல், அளவீடுகளின் சிதறலைக் காட்டும் திட்ட விலக்கம் 12.3, சராசரிக்கான 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி 511 முதல் 529 வரை என்று மூலத்தில் இருந்தது. அதை நான், ‘95 விழுக்காடு போல்ட்டுகளின் வலிமை 511-க்கும் 529-க்கும் இடையில் உள்ளது’ என்று எழுதிவிட்டேன். வாசிக்கச் சரளமாக இருந்ததால் எனக்கு ஐயமே எழவில்லை.

பின்னிணைப்பில் இருந்த அளவீடுகள் இவை: 502, 505, 510, 515, 519, 521, 525, 530, 534, 539. இவற்றில் 511-க்கும் 529-க்கும் இடையில் இருப்பவை நான்கே. ஆறு வெளியே நிற்கின்றன. பத்தில் மூன்று போல்ட்டுகள் 511-ஐக்கூட எட்டவில்லை. என் வாக்கியத்தை நம்பி ஒருவர் 511-ஐக் குறைந்தபட்ச வலிமையாகக் கொண்டு வடிவமைத்திருந்தால், கணிசமான போல்ட்டுகள் அந்த அளவுக்குக் கீழேதான் இருந்திருக்கும்.

அந்த இடைவெளி தனித்தனிப் போல்ட்டுகளைப் பற்றியதே அன்று. சோதிக்காதவற்றையும் சேர்த்து மொத்தத் தொகுதியின் உண்மையான சராசரி எங்கே இருக்கக்கூடும் என்பதற்கான மதிப்பீடு அது. திட்ட விலக்கத்தை மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்து, பத்து மாதிரிகளுக்குரிய 2.26 என்ற கெழுவால் பெருக்கினால் ஏறத்தாழ 9 வரும். 520-இன் இருபுறமும் அந்த 9-தான் 511, 529 ஆகிய எல்லைகளைத் தருகிறது. நூறு போல்ட்டுகளைச் சோதித்தால் இந்த 9 சுமார் இரண்டரையாகச் சுருங்கும்; ஆனால் போல்ட்டுகளுக்குள் உள்ள வேறுபாடு அதே 12-ஐ ஒட்டியே நிற்கும். இந்த வித்தியாசம் மொழிபெயர்ப்பில் தெரியவில்லை என்றால் கலைச்சொல் எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை.

கலைச்சொற்களும் நமக்கு முழுத் துணையாக இல்லை. ‘நம்பிக்கை இடைவெளி’ என்பதைப் பார்க்கும் பணிமனைப் பொறுப்பாளருக்கு, இரு தரப்புக்கிடையே நம்பிக்கை குறைந்திருப்பதாகத்தான் முதலில் தோன்றும். ‘வீச்சு’ என்று மாற்றலாம் என்றால், பெருமத்துக்கும் சிறுமத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் குறிக்கப் பாடநூல்கள் அந்தச் சொல்லை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டன. ஆகையால் நான் ‘சராசரிக்கான நம்பிக்கை எல்லைகள்’ என்று எழுதுகிறேன். ‘சராசரிக்கான’ என்ற சொல்லை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடுவதில்லை. முதன்முறை வரும் இடத்தில், ‘இதே முறையில் மீண்டும் மீண்டும் பத்துப் பத்தாக எடுத்துச் சோதித்து எல்லைகளைக் கணக்கிட்டால், நூற்றுக்கு ஏறத்தாழ 95 முறை உண்மையான சராசரி அந்தந்த எல்லைகளுக்குள் அடங்கும்’ என்று ஒரு வாக்கியம் சேர்க்கிறேன். நீளம்தான், ஆனால் இதைவிடச் சுருக்கினால் பொருள் பிசகுகிறது.

‘திட்ட விலக்கம்’ வேறு வகையில் ஏமாற்றுகிறது. வடிவமைப்பில் திட்டமிட்ட அளவிலிருந்து பொருள் விலகிவிட்டது என்று படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். இலங்கையில் வழங்கும் ‘நியம விலகல்’ என்பதும் தர நியமத்தை மீறியதுபோல ஒலிக்கிறது. அதே அறிக்கையில் விவரக்குறிப்பிலிருந்து விலகிய உண்மையான குறைபாடுகளும் பட்டியலிடப்பட்டிருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். அந்தக் குறைபாடுகளுக்கு ‘மாறுபாடு’ என்று தனிச்சொல் வைத்துக்கொண்டு, திட்ட விலக்கத்துக்கு ‘அளவீடுகள் தங்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் காட்டும் எண்’ என்று விளக்கம் தருவது என் வழக்கம். எளிமைக்காகச் ‘சராசரி விலக்கம்’ என்று எழுதிவிடக் கூடாது. அது வேறொரு அளவை. மேலே உள்ள பத்து எண்களுக்கு அதன் மதிப்பு 9.8, திட்ட விலக்கமோ 12.3.

எனக்கு இன்றும் அதிகம் தொல்லை தருவது ± குறிதான். ‘520 ± 12’ என்று மட்டும் இருந்தால், 12 என்பது திட்ட விலக்கமா, நம்பிக்கை எல்லையின் பாதியா, அளவிடும் கருவியின் நிச்சயமின்மையா என்று மூலத்தை வைத்துச் சொல்ல முடியாது. தனி அளவீடுகள் கொடுக்கப்பட்டிருந்தால் திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டு ஒப்பிடுகிறேன். இல்லையென்றால் ஆய்வகத்திடம் கேட்டு விடை வரும்வரை அந்த வரியை நிறைவுசெய்வதில்லை.

அந்தப் போல்ட்டு அறிக்கையை வாங்கியவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்பியது, பெரும்பாலான போல்ட்டுகள் எந்த அளவுக்குக் கீழே போகாது என்பதைத்தான். அதற்கு உரியது சகிப்பு எல்லை என்ற வேறொரு கணக்கு. அளவீடுகள் இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுவதாகக் கொண்டால், பத்து மாதிரிகளுக்குத் திட்ட விலக்கத்தைப்போல் ஏறத்தாழ 2.9 மடங்கைச் சராசரியிலிருந்து கழிக்க வேண்டும். அப்போது 95 விழுக்காடு போல்ட்டுகளுக்கான கீழ் எல்லை, 95 விழுக்காடு நம்பிக்கையோடு, 511 அன்று, 484 அளவில் வருகிறது. மூல அறிக்கையில் அந்த எண் இல்லை. அதை நானாகச் சேர்க்கவும் கூடாது. எனவே அட்டவணையின் அடியில், ‘இவ்வெல்லைகள் தனி போல்ட்டுகளின் குறைந்தபட்ச வலிமையைக் குறிப்பவை அல்ல’ என்று மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக எழுதி, அறிக்கையில் கையெழுத்திட்ட பொறியாளரின் ஒப்புதலைப் பெற்ற பிறகே திருத்திய படியை அனுப்பினேன்.