சர்வரில் ரான்சம்வேர்: ஆறு மணி நேர விதியும் முதல் ஒரு மணி நேரமும்

இந்தியாவில் இயங்கும் ஒரு நிறுவனம் தன் சர்வரில், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நிரல் புகுந்ததைக் கண்டால், ஆறு மணி நேரத்துக்குள் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவித்தாக வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின்கீழ் 2022 ஏப்ரல் 28 அன்று வந்த உத்தரவு இது. தாக்குதல் எப்போது நடந்தது என்பது கணக்கில்லை. நம் கண்ணில் பட்ட நேரம், அல்லது யாராவது நம்மிடம் சொன்ன நேரம்தான் கணக்கு.

இப்படிப்பட்ட வேலையைக் கட்டங்களாகப் பிரிப்பார்கள்: முன்தயாரிப்பு, கண்டறிதல், பரவாமல் தடுத்தல், நீக்குதல், மீட்டல், பிறகு நடந்ததை அலசுதல். முதல் ஒரு மணி நேரம் பெரும்பாலும் கண்டறிவதிலும் தடுப்பதிலுமே போய்விடும்.

ஓர் உதாரணம். காலை 7.40. கணக்குப் பிரிவில் எக்செல் ஃபைல் எதுவும் திறக்கவில்லை. எல்லாப் பெயர்களின் வாலிலும் ஏதோ புது எழுத்துகள். ஃபோல்டருக்குள் பணம் கேட்டு ஒரு கடிதம். திரையைப் போட்டோ எடுத்து நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கெடு பிற்பகல் 1.40.

அடுத்து, சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். பேக்கப் இருக்கும் இயந்திரத்தையும் உடனே தனியாகப் பிரித்துவிடுங்கள். தாக்குபவர்கள் அதையும் குறிவைப்பார்கள். பவரை மட்டும் அணைக்காதீர்கள். தாக்கிய நிரலின் தடயமும், அதிர்ஷ்டம் இருந்தால் பூட்டிய சாவியும்கூட நினைவகத்தில் கிடக்கலாம், அணைத்தால் போய்விடும். நெட்வொர்க்கைத் துண்டிக்க வழியே இல்லை என்றால்தான் அணைப்பது.

பலர் இங்கே ஒன்றைத் தவறவிடுகிறார்கள். ஃபைல்கள் சர்வரில் பூட்டப்பட்டிருந்தாலும், பூட்டும் நிரல் வேறொரு கணினியில் ஓடிக்கொண்டிருக்கலாம். அந்த மிரட்டல் கடிதத்தின் ப்ராபர்ட்டீஸில் உரிமையாளர் யார் என்று பாருங்கள். எந்தக் கணக்கு எழுதியது என்பது பல சமயம் அங்கேயே தெரியும். சரி, அந்தக் கணக்கை முடக்கி, அது லாகின் ஆகியிருக்கும் கணினிகளையும் பிரிக்க வேண்டும். நிர்வாகிகள் குழுவின் பெயர் மட்டும் இருந்தால் இந்தத் துப்பு உதவாது. லாகின் பதிவுகளைத்தான் புரட்ட வேண்டும்.

அந்தப் பதிவுகளை வெளியே நகலெடுத்து வையுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டி லாகில் 1102 என்ற எண் தென்பட்டால், யாரோ பதிவை அழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். லாகுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்வதும் இதே உத்தரவுதான். பேச்சுக்கு அலுவலக மின்னஞ்சல் வேண்டாம், போன் போதும். உள்ளே புகுந்தவர் அதைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

எட்டரைக்குள் யாராவது, "பேக்கப்பை ஏத்திடலாமா?" என்று கேட்பார். இப்போது கூடாது. எந்த வழியாக நுழைந்தார்கள் என்று தெரியாமல் ஏற்றினால் மறுபடியும் பூட்டிவிடுவார்கள்.

அப்புறம் புகார். incident@cert-in.org.in முகவரிக்கோ 1800-11-4949 எண்ணுக்கோ தெரிவிக்கலாம். எல்லா விவரமும் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்த சர்வர், எத்தனை மணிக்குக் கண்டோம், என்ன தெரிகிறது என்று கையில் இருப்பதை ஆறு மணி நேரத்துக்குள் அனுப்பிவிட்டு, மீதியைப் பிறகு கொடுக்கலாம்.