வீங்கிய கைக்கு எண்ணெய் போட வேண்டாம்

வலை இழுத்தவருக்குத் தோள் வலிப்பது திருகோணமலையில் ஒரு புதினமே இல்லை. இயன்மருத்துவராக நான் பார்க்கிற தோள்வலிகளில் பெரும்பாலானவை தசைநார்ப் பிரச்சினைதான். இருபத்துநான்கு வயதுத் தம்பி ஒருவர் வலது கையைத் தாங்கிப் பிடித்தபடி வந்தபோதும் அவருடைய அம்மா அப்படித்தான் சொன்னார்: "மிஸ், நல்ல மீன்பாடு. இரண்டு இரவு விடாமல் வலை இழுத்தவன். கொஞ்சம் உருவி விடுங்கோ, சரியாகிடும்." வீட்டிலும் மூன்று நாளாக எண்ணெய் போட்டிருக்கிறார்கள்.

சேர்ட்டைக் கழற்றச் சொன்னேன். அதற்குப் பிறகு உருவுகிற பேச்சுக்கே இடமிருக்கவில்லை.

முழங்கைக்கு மேலே பத்து சென்ரிமீற்றரில் நாடா வைத்துப் பார்த்தால் வலது கை இடது கையைவிட மூன்று சென்ரிமீற்றர் பருத்திருந்தது. வலக்கைக்காரருக்கு வலது புறம் கொஞ்சம் பருமனாக இருக்கும்தான், ஆனால் இவ்வளவு இருக்காது. தோளின் முன்புறத்திலும் மேல் மார்பிலும் நீல இரத்தக்குழாய்கள் புடைத்து வலைபோலத் தெரிந்தன. மறுபக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை. கையைத் தொங்கவிட்டால் கருநீலம் பூசியது, தூக்கினால் சற்றுக் குறைந்தது. மணிக்கட்டில் நாடித்துடிப்பு நன்றாகவே இருந்தது. கை சூடாகவும் இருந்தது. "வலி" என்று அவர் சொன்னது, கேட்டுப் பார்த்தால், பாரமும் இறுக்கமும்தான்.

இது ஏன் தசைப்பிடிப்பு இல்லை என்பதற்குக் காறை எலும்பின் கீழே என்ன இருக்கிறதென்று தெரிய வேண்டும். கழுத்திலிருந்தும் நெஞ்சிலிருந்தும் கைக்குப் போகிற எல்லாமே முதல் விலா எலும்பைத் தாண்டித்தான் போகின்றன. அந்த விலாவில் கழுத்துப் பக்கவாட்டு ஸ்கேலீன் தசைகளில் முன்னதும் நடுவானதும் வந்து ஒட்டுகின்றன. இரண்டுக்கும் இடையிலுள்ள முக்கோண இடைவெளியால் கைக்கான நரம்புத் தொகுதியும், இரத்தம் கொண்டுபோகிற நாடியும் செல்கின்றன. இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவருகிற நாளம் மட்டும் அந்தக் கூட்டத்தில் சேராது. அது முன் ஸ்கேலீன் தசைக்கு முன்னால், காறை எலும்புக்கும் முதல் விலாவுக்கும் நடுவே, நெஞ்செலும்பின் ஓரமாகப் போகிறது. பாக்குவெட்டியில் இரண்டு அலகும் சேரும் மூட்டுக்குக் கிட்ட விரலை வைத்தால் எப்படியோ, அப்படி ஒரு இடம். கையை உயர்த்தி விசையோடு இழுக்கும்போது அங்கே நாளம் நசிகிறது. திரும்பத் திரும்ப நசிந்தால் அதன் சுவர் தடித்து வடுவாகும். ஒருநாள் கடும் வேலைக்குப் பிறகு உள்ளே இரத்தம் உறைந்து அடைத்துவிடும். பஜெட், ஷ்ரோட்டர் என்ற இரண்டு மருத்துவர்களின் பெயரால் இதை அழைப்பார்கள். பெரும்பாலும் இளம் வயதினருக்கு, அதிகம் பாவிக்கிற கையில்தான் வரும்.

முதல் விலாவைத் தாண்டுகிற வழியில் எது நசிகிறது என்பதைப் பொறுத்துக் கை வேறு வேறாகத் தோன்றும். மிகப் பெரும்பாலும் நசிவது நரம்புதான். மோதிர விரலும் சின்ன விரலும் முன்கையின் உட்புறமும் விறைக்கும், கையை உயர்த்தி வேலை செய்தால் கூடும். இதற்கு நிதானமாக மாதக்கணக்கில் பயிற்சி செய்யலாம். நாடி நசிவது அரிது. அப்போது கை வெளிறும், குளிரும், துடிப்பு தளரும். கழுத்தில் கூடுதலாக ஒரு விலா இருப்பவர்களில்தான் இதை அதிகம் காண்கிறோம். வீங்கி நீலித்த கை என்றால் நாளம். இங்கே நாள் கணக்குத்தான்.

தலையைத் திருப்பி, மூச்சை இழுத்து, துடிப்பு மறைகிறதா என்று பார்க்கிற சோதனையை யூடியூப்பில் பலர் காட்டுகிறார்கள். நல்ல சுகமாக இருப்பவர்களிலும் அது மறையும், அதனால் அதை மட்டும் வைத்து நான் ஒன்றும் முடிவுசெய்வதில்லை.

தம்பியை மசாஜும் இல்லாமல், பயிற்சியும் இல்லாமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். உறைந்த கட்டியை அழுத்தி உருவினால் ஒரு துண்டு கழன்று நுரையீரலுக்குப் போகலாம் என்று அம்மாவுக்கு விளக்க வேண்டியிருந்தது. "திடீரென்று மூச்சு முட்டினாலோ நெஞ்சு குத்தினாலோ உடனே சொல்லச் சொல்லுங்கோ" என்றேன். ஒலியலையால் இரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டொப்ளர் ஸ்கானில் அக்குளிலிருந்து காறை எலும்புவரை அடைப்புத் தெரிந்தது. இரத்தம் உறையாமலிருக்க ஊசி தொடங்கிவிட்டுக் கொழும்புக்கு அனுப்பினார்கள். நாளத்துக்குள் மெல்லிய குழாய் விட்டுக் கட்டியைக் கரைக்கிற மருந்து, கட்டி புதிதாக இருக்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும். ஏறத்தாழ இரண்டு வாரம் கடந்தால் பலன் குறைந்துகொண்டே போகும். வீட்டில் எண்ணெயோடு கழித்த மூன்று நாள் அந்த இரண்டு வாரத்திலிருந்து போனவைதான்.

கட்டி கரைந்தாலும் நெருக்கம் அப்படியே இருக்கும். அதனால்தான் பலருக்கு முதல் விலாவை வெட்டி எடுக்கிறார்கள். எல்லாருக்கும் அது வேண்டுமா, எப்போது வேண்டும் என்பதில் சத்திரசிகிச்சை நிபுணர்களிடையே ஒரே கருத்தில்லை. தம்பிக்கு விலாவை எடுத்தார்கள், மாத்திரை சில மாதம் தொடர்ந்தது.

ஒரு விடயம் கவனிக்க வேண்டும். டொப்ளரில் "அடைப்பு இல்லை" என்று வந்தாலும் கதை முடிந்துவிடாது. நாளம் நசிகிற அந்த இடத்தைக் காறை எலும்பே மறைத்துவிடும், ஒலியலை எலும்பைத் தாண்டாது. அறிக்கை சுத்தமாக இருந்தும் கை வீங்கியபடியே இருந்தால், கையைத் தாழ்த்தியும் உயர்த்தியும் எடுக்கிற சீ.ரி. அல்லது எம்.ஆர். ஸ்கான் தேவையா என்று டொக்டரிடம் கேளுங்கள்.