46 சதவீதம் சார்ஜ் இருந்தும் ட்ரோன் ஏன் விழுந்தது?

ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத் திருவிழா, ஜனவரி மாதக் காலை. படம் பிடிக்கப் போன ட்ரோன் ஒன்று கயிற்றுக்கு அப்பால் நின்றிருந்த ஒருவரின் தோளில் விழுந்து, இறக்கை கிழித்து, தையல் போட வேண்டியதாகிவிட்டது. அதை ஓட்டிய தம்பி எதையும் மறைக்காமல் பறப்புப் பதிவை அப்படியே அனுப்பி, "பேட்டரியில் 46 சதவீதம் இருந்ததே, அப்புறம் எப்படி விழும்?" என்று கேட்டிருக்கிறார். கோயிலுக்கு மேலே சுற்றியதால் வந்த சாமி குத்தம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். அந்தப் பேச்சு எனக்குக் கவலையாக இருக்கிறது, ஏனென்றால் குத்தம் சாமியுடையது என்று முடிவாகிவிட்டால் பதிவை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள், அடுத்த வருடமும் அதே பேட்டரி அதே குளிரில் மேலே போகும்.

பதிவு சொல்வது இதுதான். நாலு செல் லித்தியம் பேட்டரி, முந்தின நாள் சாயங்காலம் பாதி பயன்படுத்தியது, ராத்திரி முழுக்க வண்டியிலேயே கிடந்தது. கிளம்பும்முன் 15.1 வோல்ட். ஓரிடத்தில் நிலையாக மிதக்கும்போது 11 ஆம்பியர் இழுத்து 13.7 வோல்ட். 50வது விநாடி வாக்கில் பள்ளத்திலிருந்து ஏறி வந்த காற்று தள்ளுகிறது, தம்பி ரிமோட்டின் குச்சியை முழுதாக மேலே தள்ளுகிறார், மின்னோட்டம் 28 ஆம்பியருக்குத் தாவுகிறது, மின்னழுத்தம் 11.6க்குச் சரிகிறது. ஒரு செல்லுக்கு 2.9 வோல்ட்தான். ட்ரோன் தானாகவே தரையிறங்கப் பார்க்கிறது, காற்றை எதிர்க்க பலமில்லை, கூட்டத்தின் பக்கம் ஒதுங்கி விழுகிறது. மோட்டார்கள் நின்ற பிறகு, புல்லில் கிடந்த அதே பேட்டரி மறுபடியும் 15 வோல்ட் காட்டுகிறது!

இந்தக் கடைசி வரியில்தான் எல்லாம் இருக்கிறது. நிஜமாகவே காலியான பேட்டரி இப்படி முழுதாக மீளாது. மின்னோட்டம் ஏறும்போது சரிந்து, நின்றதும் திரும்பி வந்தால் காரணம் பேட்டரியின் உள்மின்தடை. இறக்கை உடைந்தோ மோட்டார் பழுதாகியோ விழுந்திருந்தால் மின்னழுத்தம் இப்படி மின்னோட்டத்தோடு கைகோத்து ஏறி இறங்காது.

குளிரில் உள்ளே என்ன நடக்கிறது? மின்சாரம் எடுக்கும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டிலிருந்து வெளியே வந்து, மின்பகுளித் திரவத்தைக் கடந்து, எதிர்ப்பக்க மின்வாய்க்குள் நுழைய வேண்டும். ஊட்டியில் தேங்காய் எண்ணெய் கட்டிப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். மின்பகுளி அப்படி உறையாது, ஆனால் பிசுபிசுப்பாகி அயனிகளின் ஓட்டத்தை மந்தமாக்கும். அதைவிட எனக்குப் பிடித்த இடம் மின்வாயின் வாசல். ஒவ்வொரு அயனியையும் கரைப்பான் மூலக்கூறுகள் சூழ்ந்து பிடித்திருக்கின்றன, அவற்றை உதறிவிட்டால்தான் உள்ளே நுழைய முடியும், அப்படி உதறுவதற்கு வேண்டிய ஆற்றலை வெப்ப அசைவுதான் கொடுக்கிறது. குளிரில் அந்த அசைவு குறைகிறது, வாசலில் நெரிசல். சரக்கு உள்ளே இருக்கிறது, வேகமாக எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். சதவீதம் காட்டும் கணக்கு, வெளியே போன மின்னூட்டத்தை எண்ணிக் கழித்து வருவது. எவ்வளவு வேகமாக எடுக்கலாம் என்று அது சொல்வதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 11 ஆம்பியருக்கு 1.4 வோல்ட் சரிவு என்றால் தடை ஏறத்தாழ 0.13 ஓம். 28 ஆம்பியருக்கு சுமார் 3.6 வோல்ட் சரிய வேண்டும், பதிவிலும் கிட்டத்தட்ட அப்படியே, 3.5 வோல்ட் சரிந்திருக்கிறது. கதகதப்பாக இருந்து தடை 0.04 ஓமாக இருந்திருந்தால், அதே காற்றில் அதே 28 ஆம்பியருக்கு 14 வோல்ட் கிடைத்திருக்கும்.

இதோடு உயரமும் சேர்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 80 சதவீதம். அதே எடையைத் தூக்க இறக்கை 12 சதவீதம் வேகமாகச் சுழல வேண்டும், மோட்டாரின் உச்ச வேகமோ மின்னழுத்தத்தைப் பொறுத்தது. அதிக வேகம் வேண்டிய ஊரில் மின்னழுத்தமும் விழுந்தால் சமாளிக்க மிச்சமே இல்லை. மேட்டுப்பாளையத்தில் சரியாகப் பறந்தது என்பது மலைக்குச் சான்றாகாது. மலையில் இருக்கும் பாலிடெக்னிக்குகளுக்குக் குளிரில் பேட்டரி சோதிக்கும் ஒரு சின்ன வசதிக்காவது அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. இங்குள்ள பிள்ளைகள் சொந்தமாக அளந்து பார்க்கட்டும்.

தம்பிக்கும் மற்றவர்களுக்கும்: பாதி தீர்ந்த பேட்டரியைக் குளிரில் ஏற்றாதீர்கள். முழுக்க சார்ஜ் செய்து, ஸ்வெட்டருக்குள் வைத்து, 20 டிகிரிக்கு மேல் சூடாக்கி மாட்டுங்கள். ஆளில்லாத இடத்தில் இரண்டு மீட்டர் உயரத்தில் ஓரிரு நிமிடம் மிதக்க விட்டால் தன் தடையாலேயே பேட்டரி இன்னும் சூடாகும். அப்போது வோல்ட்டைப் பாருங்கள். கிளம்பும்முன் காட்டியதிலிருந்து அரை வோல்ட் குறைந்தால் சாதாரணம். இங்கே மிதக்கும்போதே 1.4 வோல்ட் போயிருந்தது, அதுவும் காற்று வருவதற்கு அரை நிமிடம் முன்பே திரையில் தெரிந்திருக்கிறது.