அக்ரெடிடேஷன்: ‘அங்கீகாரம்’ என்ற ஒரே சொல்லுக்குள் மறையும் பொருள்

வெளிநாட்டுக் கல்விக் கண்காட்சிகளில் அடிக்கடி காதில் விழும் பதில் ஒன்று உண்டு: “இது அங்கீகாரம் பெற்ற யுனிவர்சிட்டிங்க, கவலையே படாதீங்க.” சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பொறியியல் படிக்கப் போகும் பிள்ளைக்கு அந்தப் பதில் பாதிதான். மீதிப் பாதி ‘அக்ரெடிடேஷன்’ என்ற சொல்லில் இருக்கிறது. தமிழில் அதற்கும் அங்கீகாரம் என்றே சொல்லிவிடுவதால் கேட்பவருக்கு வேறுபாடு தெரிவதில்லை.

முதலில் சொல்லின் வேர். ‘நம்பு’ என்ற பொருளுள்ள லத்தீன் வினை ‘கிரெடெரே’. அதிலிருந்து ‘கிரெடிட்’ வந்தது. பிரெஞ்சு வழியாக ‘அக்ரெடிட்’ ஆங்கிலத்துக்கு வந்தது. ஒரு நாட்டின் தூதரை ‘இவர் எங்கள் ஆள், இவர் பேச்சை நம்பலாம்’ என்று கடிதம் கொடுத்து இன்னொரு நாட்டுக்கு அனுப்புவதை இந்தச் சொல்லால் குறித்தார்கள். அந்தக் கடிதத்தை இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் இன்றும் ‘நற்சான்றுப் பத்திரம்’ என்றே எழுதுகின்றன. நேரில் சோதித்துப் பார்க்க முடியாத தூரத்தில் இருப்பவர் நம்புவதற்காக, அருகில் இருந்து சோதித்தவர் கொடுக்கும் உறுதி என்பதுதான் இச்சொல்லின் உயிர்.

‘அங்கீகாரம்’ வடசொல். தன் அங்கமாக ஆக்கிக்கொள்ளுதல், அதாவது ஏற்றுக்கொள்ளுதல் என்பது பொருள். ஒரு பல்கலைக்கழகம் பட்டம் வழங்கச் சட்டப்படி உரிமை பெற்றிருந்தாலும் அங்கீகாரம் என்கிறோம். கல்லூரி நடத்த அரசு அனுமதி கொடுத்தாலும் அங்கீகாரம்தான். ஒரு குறிப்பிட்ட படிப்பின் பாடத்திட்டம், ஆசிரியர்கள், ஆய்வகம், மாணவர்களின் விடைத்தாள் வரை துறை வல்லுநர்கள் பார்த்துத் தரத்தை ஒப்புக்கொண்டாலும் அதே சொல். இந்த மூன்றாவதற்குத் தனிச்சொல் வேண்டும். நற்சான்று என்றால் தமிழ்நாட்டில் நடத்தைச் சான்றிதழ் நினைவுக்கு வரும். தரச்சான்று என்றால் பொருள்களுக்குக் கொடுக்கும் முத்திரை போல ஒலிக்கிறது. ‘தர ஏற்பு’ பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து. ‘இந்தப் படிப்புக்குத் தர ஏற்பு உண்டா?’ என்று கேட்டால் கேள்வி தானாகவே பல்கலைக்கழகத்தை விட்டுப் படிப்பின் பக்கம் திரும்பிவிடுகிறது. ஆங்கிலத்திலும் குழப்பம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் முழுப் பல்கலைக்கழகத்துக்குத் தருவதும் அக்ரெடிடேஷன், தனிப் படிப்புக்குத் தருவதும் அக்ரெடிடேஷன்.

அடுத்து ‘அக்கார்ட்’. உடன்பாடு என்ற நம் சொல் இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஆஸ்திரேலியா, கனடா, அயர்லாந்து, நியூசிலாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் 1989-இல் வாஷிங்டன் உடன்பாட்டைச் செய்துகொண்டன. உங்கள் நாட்டில் நீங்கள் தர ஏற்பு கொடுத்த பட்டத்தை எங்கள் நாட்டுப் பட்டத்துக்கு ஏறத்தாழச் சமமாக எடுத்துக்கொள்கிறோம் என்பதே அதன் சாரம். இந்தியாவும் இலங்கையும் 2014-இல் முழு உறுப்பினர்கள் ஆயின. இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு உண்டு. 2001-இன் சிட்னி உடன்பாடு பொறியியல் தொழில்நுட்பவியலாளர்களுக்கு, 2002-இன் டப்ளின் உடன்பாடு டெக்னீஷியன்களுக்கு. எந்த உடன்பாட்டின் கீழ் வருகிறோம் என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

ஒரு மாணவி பிளஸ் டூ முடித்து அமெரிக்காவில் மெக்கானிக்கல் படிக்க விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டு படிப்புகள்: Mechanical Engineering, Mechanical Engineering Technology. இரண்டும் நான்கு ஆண்டுகள். இரண்டாவதில் இடம் எளிதாகக் கிடைக்கிறது. இரண்டுக்கும் அமெரிக்காவில் இத்தகைய படிப்புகளை மதிப்பிடும் ‘ஏபெட்’ அமைப்பின் தர ஏற்பு இருக்கிறது என்று விளம்பரக் கையேடு சொல்கிறது, அதுவும் உண்மை. சரி, அவள் `abet.org` தளத்தில் படிப்பின் பெயரைத் தேடுகிறாள். முதல் படிப்புக்கு எதிரே Engineering Accreditation Commission என்றும், இரண்டாவதற்கு எதிரே Engineering Technology Accreditation Commission என்றும் இருக்கிறது. முன்னது வாஷிங்டன் உடன்பாட்டில் அடங்கும். பின்னது சிட்னி உடன்பாட்டின் பக்கம்.

இரண்டாவது படிப்பு மட்டம் என்று நான் சொல்லவில்லை. அதில் கணிதம் குறைவு, ஆய்வகமும் செய்முறையும் அதிகம். ஆலையில் வேலை செய்ய அது நல்ல பயிற்சி. ஆனால் அவள் நாளை ஆஸ்திரேலியாவுக்குப் போனால், உடன்பாட்டு வழியில் முதல் பட்டம் பொறியாளர் என்ற நிலைக்கு எடுத்துக்கொள்ளப்படும், இரண்டாவது தொழில்நுட்பவியலாளர் என்ற நிலைக்கு. அமெரிக்காவுக்குள்ளேயே கூட உரிமம் பெற்ற பொறியாளர் ஆக, சில மாநிலங்கள் இரண்டாவது பட்டத்துக்குக் கூடுதல் ஆண்டுகள் பணி அனுபவம் கேட்கின்றன. சில மாநிலங்களில் அந்த வழியே இல்லை.

ஏபெட் தளத்தின் அதே பக்கத்தில் தேதியும் இருக்கும், அதையும் பார்க்க வேண்டும். தர ஏற்பு தொடங்கிய ஆண்டுக்கு முன் பட்டம் பெற்றவருக்கு அது பொருந்தாது. முடிந்துபோன பிறகு படித்து வெளியேறியவருக்கும் பொருந்தாது. புதிதாகத் தொடங்கிய படிப்புக்குத் தர ஏற்பு இருக்கவே முடியாது, ஏனென்றால் குறைந்தது ஒருவராவது படித்து முடித்த பிறகுதான் ஏபெட் மதிப்பீட்டுக்கே வரும். ‘சீக்கிரம் கிடைத்துவிடும்’ என்று யாராவது சொன்னால், கிடைக்காமலும் போகலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வளாகம் எந்த நாட்டில் இருக்கிறது என்பது இன்னொரு கண்ணி. உறுப்பு அமைப்பு தன் நாட்டு எல்லைக்குள் கொடுத்த தர ஏற்பைத்தான் உடன்பாடு தாங்கும். ஏபெட் அமெரிக்காவுக்கு வெளியேயும் பல நாடுகளில் படிப்புகளைச் சோதித்துத் தர ஏற்பு கொடுக்கிறது. அது அந்தப் படிப்பின் தரத்துக்கு நல்ல அடையாளம்தான், ஆனால் அதை வைத்து வாஷிங்டன் உடன்பாட்டின் சலுகையைக் கேட்க முடியாது. ஆகவே வெளிநாட்டுக் கிளை வளாகத்தில் சேருகிறவர்கள் மூல வளாகத்தின் பெயரைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. தங்கள் வளாகத்தின் பெயரிலேயே தேட வேண்டும்.

இங்கேயே பி.இ. முடித்துவிட்டு எம்.எஸ். படிக்கப் போகிறவர்களிடம் இதைவிட அழுத்தமாக ஒன்று சொல்ல வேண்டும். வாஷிங்டன் உடன்பாடு பெரும்பாலும் இளநிலைப் பட்டத்தைப் பற்றியது. அமெரிக்காவில் பெரும்பாலான எம்.எஸ். படிப்புகளுக்குத் தனித் தர ஏற்பே கிடையாது. அப்போது அடிப்படையாக நிற்பது உங்கள் பி.இ.தான். இந்தியாவில் தர ஏற்பு கொடுக்கும் தேசிய அங்கீகார வாரியம், அதாவது என்.பி.ஏ., கல்லூரிகளை இரண்டு அடுக்காகப் பிரிக்கிறது. பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் டயர்-1. பல்கலைக்கழகத்தோடு இணைந்த, தன்னாட்சி இல்லாத கல்லூரிகள் டயர்-2. டயர்-1 தர ஏற்பு மட்டுமே வாஷிங்டன் உடன்பாட்டில் அடங்கும். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் நிறைந்த தமிழ்நாட்டில் இந்த வேறுபாடு எத்தனையோ பேரைத் தொடுகிறது, ஆனால் கவுன்சலிங் நேரத்தில் இதைக் கேட்பவர்கள் குறைவு. வாசலில் ‘என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்றது’ என்ற பலகை இருந்தால், எந்தப் பிரிவுக்கு, எந்த அடுக்கில், எந்த ஆண்டு வரை என்பதை வாரியத்தின் பட்டியலில்தான் பார்க்க வேண்டும்.

பட்டம் உடன்பாட்டுக்கு வெளியே இருந்தால் கதவு முழுதாக அடைபடுவதில்லை. ஆஸ்திரேலியாவின் பொறியாளர் அமைப்பு, அப்படிப்பட்டவர்களிடம் தாங்கள் செய்த பொறியியல் வேலையை விவரிக்கும் மூன்று கட்டுரைகளைக் கேட்கிறது. ஒவ்வொன்றிலும் ‘நாங்கள் செய்தோம்’ என்று இருக்கக் கூடாது. என்ன கணக்கிட்டேன், ஏன் இந்த வடிவமைப்பைத் தேர்ந்தேன் என்று தன் பங்கைத் தனியாக எழுத வேண்டும். இன்னொருவருடைய கட்டுரையைப் பார்த்து எழுதியது தெரிந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். உடன்பாட்டில் அடங்கும் பட்டத்தோடு வருபவர் இந்தக் கட்டுரைகளை எழுத வேண்டியதில்லை.