எம்.எஸ். ஆபீஸுக்கு 31, கஸ்டம்ஸுக்கு 4

பாரிமுனை, ராயபுரம் பக்கம் கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸ்களில் இருப்பவர்களின் லிங்க்ட்இன் பக்கத்தில் திறன் பட்டியலை மட்டும் பாருங்கள். பல இடங்களில் எம்.எஸ். ஆபீஸும் டீம் ஒர்க்கும்தான் மேலே நிற்கும். இவர் நாள் முழுக்க பில் ஆஃப் என்ட்ரி போடுகிறவர் என்பதற்கு அங்கே ஓர் அடையாளமும் இருக்காது.

உதாரணத்துக்கு, 6 வருடமாக இறக்குமதி டாக்குமென்டேஷன் பார்க்கும் தண்டையார்பேட்டைக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் போக நினைப்பது ஒரு ஆட்டோ பாகத் தயாரிப்பு கம்பெனியில் இறக்குமதி கம்ப்ளையன்ஸ் வேலைக்கு. அவருடைய பட்டியலில் Microsoft Office-க்கு 31 எண்டார்ஸ்மென்ட், Teamwork-க்கு 24, Customs Clearance-க்கு 4. எண்ணிக்கை அதிகமாக இருப்பதை மேலே வைத்தால்தான் கெத்து என்று அவரும் அப்படியே விட்டிருக்கிறார்.

சிக்கல் அங்கேதான். பக்கத்தைத் திறந்ததும் திறன் பகுதியில் ஒன்றிரண்டுதான் கண்ணில் படும். மற்றதைப் பார்க்க 'Show all' அழுத்த வேண்டும். அவசரத்தில் இருக்கும் ஹெச்.ஆர். அதை அழுத்துவார் என்று எதிர்பார்க்க முடியாது. எண்டார்ஸ் செய்ய வருகிற நண்பர்களும் மேலே தெரிவதைத்தான் தட்டிவிட்டுப் போவார்கள். அதனால் 31 என்பது 35 ஆகும், 4 அப்படியே கிடக்கும்.

மேலே எதை வைப்பது என்பதை ஊகத்தில் முடிவு செய்யக் கூடாது. குறிவைத்த வேலைக்கான விளம்பரங்கள் பத்து எடுத்து, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் திறன்களைத் தாளில் குறித்துக் கோடு போட்டு எண்ணுங்கள். பாதிக்கு மேல் விளம்பரங்களில் வருவது, கூடவே நேர்காணலில் ஒரு ஷிப்மென்ட்டைச் சொல்லி நிரூபிக்க முடிவது என இரண்டும் சேர்ந்தவைதான் மேலே போக வேண்டும். நம் ஆளுக்கு அப்படித் தேறுவது Customs Clearance, ஹெச்.எஸ். கோடு வகைப்பாடு, Import ஆகியவை. எக்ஸிம் என்று பொதுவாகப் போடுவதைவிட, எட்டு இலக்க ஹெச்.எஸ். கோடை இன்வாய்ஸ் பார்த்து முடிவு செய்யத் தெரியும் என்பதுதான் கம்ப்ளையன்ஸ் மேனேஜருக்கு வேண்டியது.

திறனின் பெயரை டைப் செய்யும்போது கீழே விரியும் பரிந்துரைகளிலிருந்தே தேர்ந்தெடுங்கள். வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் வடிகட்டுவது அந்தப் பெயர்களை வைத்துத்தான். சொந்தமாக எழுதிய பெயர் தேடலில் சிக்காமல் போகலாம். நீங்கள் நினைக்கும் பெயர் அங்கே வராவிட்டால் அதை வேலை அனுபவப் பகுதியில் வாக்கியமாக எழுதிவிடுங்கள்.

வரிசையை மாற்ற: திறன் பகுதியில் பென்சிலைத் தட்டி, மூன்று புள்ளியில் `Reorder` எடுத்து, வேண்டியதைப் பிடித்து மேலே இழுக்க வேண்டும். 4 எண்டார்ஸ்மென்ட் உள்ளது 31-க்கு மேலே நிற்பது தப்பில்லை. இடம் மாற்றினால் எண்ணிக்கை குறையாது. திறனையே நீக்கினால்தான் அதற்கு வந்தவையும் சேர்ந்து போகும். ஆகவே எம்.எஸ். ஆபீஸை அழிக்காமல் கீழே தள்ளினால் போதும். டீம் ஒர்க்கைத் தாராளமாக அழிக்கலாம், அதைப் பார்த்து யாரும் வேலை கொடுப்பதில்லை.

அடுத்து அந்த 4-ஐ ஏற்றுவது. எண்டார்ஸ் செய்ய நேரடித் தொடர்பில் இருப்பவர்களால் மட்டுமே முடியும். வேலையைக் கண்ணால் பார்த்த ஐந்தாறு பேர் போதும்: ஜி கார்டு வைத்திருக்கும் சீனியர், கிளையன்ட் பக்கம் பர்ச்சேஸ் பார்த்தவர், மணலி சி.எஃப்.எஸ்.ஸில் தினமும் பேசியவர். பொதுவாக "எண்டார்ஸ் பண்ணுங்க" என்று அனுப்பினால் அவர்கள் எதையாவது தட்டுவார்கள். இப்படிக் கேளுங்கள்: "அண்ணா, போன வருஷம் அந்த பேரிங் கன்சைன்மென்ட்டுக்கு கிளாசிஃபிகேஷன் குவெரி வந்தப்போ நான்தானே பதில் தயார் பண்ணேன். அதை வச்சு Customs Clearance மட்டும் எண்டார்ஸ் பண்ணுவீங்களா?"

ஒரே கம்பெனியில் இருந்தவர்கள் செய்தால், "இந்த நிறுவனத்தின் சக ஊழியர்கள் எண்டார்ஸ் செய்தார்கள்" என்ற பொருளில் ஒரு வரி திறனுக்குக் கீழே வர வாய்ப்புண்டு. வெறும் எண்ணிக்கையைவிட அதற்கு மதிப்பு அதிகம். அதற்கு இரண்டு பேரும் அனுபவப் பகுதியில் ஒரே கம்பெனி பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பாரிமுனையின் சின்ன ஆபீஸ்கள் பலவற்றுக்கு அப்படி ஒரு பக்கமே கிடையாது. அங்கே இருந்தவர்கள் சீனியரிடம் நாலு வரி ரெக்கமண்டேஷன் வாங்குவதே மேல்.

வாட்ஸ்அப் குரூப்பில் "நான் உனக்கு, நீ எனக்கு" என்று ஏற்றிக்கொள்வதை விட்டுவிடுங்கள். யார் எண்டார்ஸ் செய்தார்கள் என்ற பெயர்ப் பட்டியல் திறந்துதான் இருக்கிறது. கஸ்டம்ஸ் திறனுக்கு மேக்கப் ஆர்ட்டிஸ்டும் ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டும் சான்று சொல்லியிருந்தால் பார்க்கிறவருக்குப் புரிந்துவிடும். ஏற்கெனவே அப்படி வந்திருந்தால் அந்த நபரின் எண்டார்ஸ்மென்ட்டை மட்டும் மறைக்க வசதி உண்டு.

ஃப்ரெய்ட் சேல்ஸுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கிறீர்களா? இரண்டையும் கலந்து வைக்காதீர்கள். அந்த வாரம் எதற்கு அனுப்புகிறீர்களோ அதை மேலே இழுத்துவிட்டு அனுப்புங்கள், ஒரு நிமிட வேலைதான்.