மூன்றாவது கோப்பு எங்கே?

கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் வேலை செய்கிறேன். பொருள் வழங்குநர்களிடமிருந்து விலைமனுக்களைப் பெறுவதும், அவற்றைத் திறந்து ஒப்பிட்டு முகாமையாளரின் மேசைக்கு அனுப்புவதும் எனது அன்றாட வேலை. முன்பெல்லாம் முத்திரையிட்ட உறைகளாக வந்த விலைமனுக்களில் பெரும்பகுதி இப்போது மின்னஞ்சலிலேயே வருகிறது. உறை வந்த காலத்தில் உள்ளே ஏதாவது குறைந்தால் கையில் எடுக்கும்போதே கனம் காட்டிக்கொடுக்கும். மின்னஞ்சலுக்குக் கனம் இல்லை என்பதால், எது வந்தது, எது வரவில்லை என்பதை அனுப்புகிறவர் எழுதிய சொற்களை வைத்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது.

கட்டடத்தின் குளிரூட்டிகளுக்கான வருடாந்தப் பராமரிப்புக்கு ஒருமுறை விலைமனு கோரியிருந்தோம். வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.00 மணி கடைசி நேரம். 1.41க்கு ஒரு வழங்குநரிடமிருந்து மடல் வந்தது. "கேட்டுக்கொண்டபடி விலைமனுவையும் ஏனைய ஆவணங்களையும் இணைத்துள்ளோம்" என்ற ஒரே வரிதான். கீழே `Scan0012.pdf`, `Scan0013.pdf` என்று இரண்டு கோப்புகளும், அவற்றுக்கு அடியில் கூகுள் டிரைவ் முகவரி ஒன்றும் இருந்தன. 2.15க்கு மனுக்களைத் திறந்தபோது முதற்கோப்பில் முகப்புக் கடிதமும் இரண்டாவதில் வியாபாரப் பதிவுச் சான்றிதழும் இருந்தன. விலை எங்கே என்று முகவரியை அழுத்தினால், திரையில் `You need access` என்று வந்தது.

தொலைபேசியில் அழைத்தேன். "தம்பி, நீங்கள் அனுப்பிய இணைப்பு திறக்கவில்லை" என்றேன். "இல்லையே மிஸ், எங்களுக்கு இணைப்பு நல்லாத்தான் இருக்கு, இப்பவும் யூடியூப் ஓடுது" என்று அவர் பதில் சொன்னார். அவர் பகிடி விடவில்லை. மடலோடு சேர்த்து அனுப்பும் கோப்பும் இணைப்புத்தான், அழுத்தினால் வேறிடத்துக்குக் கொண்டுபோகும் முகவரியும் இணைப்புத்தான், வீட்டுக்கு வரும் இன்டர்நெட்டும் இணைப்புத்தான் என்றிருக்கும்போது இந்தக் குழப்பம் எங்கள் மொழியில் வந்தே தீரும். அன்றிலிருந்து நான் மடலோடு போவதைக் "கோப்பு" என்றும், அழுத்த வேண்டியதை "லிங்க்" என்றும் மட்டுமே எழுதுகிறேன். தூய தமிழ் விரும்புகிறவர்கள் லிங்கைத் "தொடுப்பு" என்று எழுதலாம்; இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு "இணைப்பைப் பார்க்கவும்" என்று முடிக்காமல் இருந்தால் போதும்.

அந்த லிங்க் ஏன் வந்தது என்பதைப் பின்னர் அவரோடு பேசித்தான் அறிந்துகொண்டேன். விலை அட்டவணையை 600 டிபிஐயில், வண்ணத்தில் ஸ்கேன் செய்திருக்கிறார். கோப்பு 31 எம்பி ஆகிவிட்டது. ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேற்பட்ட கோப்பைச் சேர்த்தால், அது மடலோடு போகாமல் டிரைவில் ஏற்றப்பட்டு லிங்க்காக மாறிவிடும். அனுப்பும் வேளையில், பெறுகிறவருக்குத் திறக்கும் உரிமை இல்லை என்று ஒரு சிறு பெட்டி கேட்டிருக்கிறது. கடைசி நேரப் பதற்றத்தில் அவர் அதை வாசிக்காமல் அனுப்பிவிட்டார். தன் கணினியில் அழுத்திப் பார்த்தபோது கோப்பு திறந்தது. அவருடைய கோப்பு அவருக்குத் திறக்காமல் என்ன செய்யும்? லிங்க் சரியா என்று பார்க்க வேண்டுமானால், குரோமில் `Ctrl+Shift+N` அழுத்தி வரும் தனிச் சாளரத்தில் அதை ஒட்டிப் பார்க்க வேண்டும். அங்கே உங்கள் கணக்கு உள்நுழைந்திராது என்பதால், எல்லோருக்கும் திறந்துவிட்ட லிங்க்காயின் அது அங்கேயும் திறக்கும். குறிப்பிட்ட ஒருவரின் மின்னஞ்சல் முகவரிக்கு மட்டும் உரிமை கொடுத்திருந்தால் இந்தச் சோதனை உதவாது. அப்போது பகிர்வுப் பட்டியலில் அந்த முகவரி எழுத்துப் பிழையின்றி இருக்கிறதா என்றுதான் பார்க்க முடியும்.

3.30க்கு அவர் உரிமை தந்தார், அட்டவணையும் திறந்தது, ஆனால் என்னால் அதை ஏற்க முடியவில்லை. நேரம் கடந்துவிட்டது என்பது ஒரு காரணம்; அதைவிடப் பெரிய காரணம், டிரைவில் இருக்கும் கோப்பை அதன் சொந்தக்காரர் எப்போதும் மாற்றலாம் என்பது. பார்க்கும் உரிமை மட்டுமே உள்ள எனக்கு, 2.00 மணிக்கு அதில் என்ன தொகை இருந்தது என்று அறிய வழியில்லை. அவர் மாற்றியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மற்ற வழங்குநர் கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இராது. மடலோடு வந்த கோப்பு, அனுப்பிய கணத்தில் உறைந்த பிரதி. லிங்க்கோ இன்னமும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கக்கூடிய தாள். பலர் சேர்ந்து திருத்தும் அட்டவணைக்கு லிங்க் பொருத்தம். விலைமனு, கையொப்பமிட்ட கடிதம், பட்டியல் போன்றவற்றுக்குக் கோப்பேதான் வேண்டும்.

அதே தாளைச் சாம்பல் நிறத்தில் 200 டிபிஐயில் ஸ்கேன் செய்திருந்தால் தெளிவும் போதுமானதாக இருந்திருக்கும், லிங்க் என்ற பேச்சே எழுந்திராது. 600இலிருந்து 200க்கு இறங்கும்போது புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்பதில் ஒன்றாகக் குறைகிறது. சுருக்கும் முறையைப் பொறுத்துக் கோப்பின் அளவு அதே விகிதத்தில் குறையாவிட்டாலும் பெருமளவு குறையும். இன்னொன்றையும் நினைவில் வைப்பது நல்லது: மடலில் போகும் கோப்பு வழியில் எழுத்துக் குறிகளாக மாற்றப்படுவதால் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு பருக்கிறது. 20 எம்பி வரை ஏற்கும் அலுவலக அஞ்சல் சேவையகத்துக்கு 16 எம்பி கோப்பை அனுப்பிவிட்டு, அது திரும்பி வந்ததும் வியப்பவர்கள் இதை அறியாதவர்கள்.

கோப்புப் பெயர்களுக்கு வருகிறேன். `Scan0012.pdf` என்பது ஸ்கேனர் வைத்த பெயர். `Quotation.pdf` என்பது அனுப்புகிறவரின் கண்ணோட்டத்தில் வைத்த பெயர். அவரிடம் அது ஒன்றுதான் இருக்கும், என்னிடமோ ஒரே நாளில் ஏழு வழங்குநரின் ஏழு `Quotation.pdf` வந்து சேரும். ஆகவே, பெறுகிறவரின் கோப்புறையில் தனியாகக் கிடந்தாலும் தன்னைத் தானே சொல்லும் பெயராக இருக்க வேண்டும்: திகதி, விடயம், ஆவண வகை, நிறுவனம். திகதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் `2025-02-21` என்று எழுதினால் கணினி பெயர்வரிசைப்படுத்தும்போதே காலவரிசையும் அமைந்துவிடும். எங்கள் அலுவலகங்களில் `PUR/2025/117` என்று கடித இலக்கம் இடும் வழக்கம் உண்டு. விண்டோஸ் கோப்புப் பெயரில் சாய்கோட்டை ஏற்காது என்பதால் அதைச் சிறுகோடாக்கி `PUR-2025-117` என்று எழுத வேண்டும். திருத்தங்களுக்கு `v1`, `v2` போதும். `final` என்ற சொல்லை நான் நம்புவதே இல்லை, அதற்குப் பின் எப்படியும் இன்னொன்று வந்துவிடுகிறது.

பாமினியில் தட்டச்சுச் செய்து பழகியவர்களுக்கு ஒரு சொல். கோப்புப் பெயருக்கு எழுத்துரு ஒட்டாது. "அறிக்கை" என்று பாமினியில் அடித்து அதையே பெயராக ஒட்டினால், பெறுகிறவருக்கு `mwpf;if` என்றுதான் தெரியும். யூனிகோடில் வையுங்கள், அல்லது ஆங்கில எழுத்திலேயே வைத்துவிடுங்கள்.

சேர்க்க மறப்பது அடுத்த விடயம். ஜிமெயிலும் அவுட்லுக்கும் "சேர்த்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கோப்பு இல்லை" என்று எச்சரிக்கும் என்பதை நம்பியிருப்பவர்கள் பலர். ஆங்கிலத்தில் `attached` என்று எழுதும்போது அது உதவுகிறது; தமிழில் "இணைத்துள்ளேன்" என்று எழுதிய மடல்களுக்கு என் கணினியில் அந்த எச்சரிக்கை ஒருநாளும் வந்ததில்லை. மூன்று என்று எழுதி இரண்டைச் சேர்த்தாலும், பழைய பிரதியைச் சேர்த்தாலும் எந்த மொழியிலும் அது கண்டுபிடிக்கப்போவதில்லை. எக்செல்லில் தொகையைத் திருத்திவிட்டுச் சேமிக்காமலே கோப்பைச் சேர்த்தால், போவது கடைசியாகச் சேமித்த பழைய தொகைதான். அதேபோல, வந்த மடலுக்குப் பதில் எழுதும்போது அதிலிருந்த கோப்புகள் பதிலோடு போவதில்லை. முன்னனுப்பும்போது மட்டுமே போகும். "கீழேயுள்ள கோப்பைப் பார்க்கவும்" என்று புதிதாக ஒருவரைச் சேர்த்துப் பதில் எழுதினால், அவருக்குக் கீழே எதுவுமே இராது.

நான் கடைப்பிடிக்கும் ஒழுங்கு தலைகீழானது. முதலில் கோப்புகள், பின் வாசகம், கடைசியாக முகவரி. பதில் மடலானால் ஏற்கெனவே நிற்கும் முகவரியை முதலில் அழித்துவிடுவேன். முகவரி இல்லாத மடல் கை தவறினாலும் போகாது. சேர்த்த கோப்பை மடலுக்குள்ளிருந்தே திறந்து முதற்பக்கத்தையாவது பார்த்துவிட்டுத்தான் முகவரியை இடுவேன். ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் அவகாசம் இயல்பாக 5 வினாடி. அமைப்புகளில் `Undo Send` என்ற இடத்தில் அதை 30 வினாடியாக்கிக்கொள்ளலாம்.

வாசகம் எழுதும் முறையை நான் பழைய அரசாங்கக் கடிதத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். அதன் அடியில் "இணைப்பு: 03" என்று எண்ணிக்கை இருக்கும். அந்த வழங்குநருக்கும் இப்படித்தான் எழுதிக் காட்டினேன்:

```
விடயம்: குளிரூட்டி பராமரிப்பு - விலைமனு (3 கோப்புகள்)

பின்வரும் 3 கோப்புகளும் இம்மடலுடன் உள்ளன.
லிங்க் எதுவும் இல்லை.

1. 2025-02-21_ACService_Letter_CompanyName.pdf
   முகப்புக் கடிதம், 1 பக்கம்
2. 2025-02-21_ACService_Price_CompanyName.pdf
   கையொப்பமிட்ட விலை அட்டவணை, 2 பக்கங்கள்
3. 2025-02-21_ACService_BR_CompanyName.pdf
   வியாபாரப் பதிவுச் சான்றிதழ், 1 பக்கம்
```

பட்டியலை எழுதும்போதே, இரண்டாவது வரிக்கு உரிய கோப்பு மேலே இல்லை என்பது எழுதுகிறவரின் கண்ணில் படும். அவர் தவறவிட்டாலும், பெறுகிறவர் ஒரு நிமிடத்தில் எண்ணிப் பார்த்து நேரம் முடியுமுன் கேட்டுவிடலாம். "ஏனைய ஆவணங்கள்" என்று வந்த மடலில் என்ன குறைகிறது என்று 1.41க்கு நான் எப்படி அறிந்திருக்க முடியும்?

மறந்தே அனுப்பிவிட்டால், விடுபட்ட ஒரு கோப்பை மட்டும் "மன்னிக்கவும்" என்று பின்னால் அனுப்புவதை நான் விரும்புவதில்லை. இரண்டு மடல்களில் சிதறிய ஆவணங்களில் ஒன்று எங்காவது தவறிப்போகும். மூன்றையும் மீண்டும் சேர்த்து, விடயத்தில் "திருத்தியது" என்று குறித்து, "1.41க்கு அனுப்பிய மடலுக்குப் பதிலாக இதனை ஏற்கவும்" என்று நேரத்தையும் எழுதினால், முந்தையதை நான் தயக்கமின்றி ஒதுக்கிவிடுவேன்.

அந்த முறை ஒப்பந்தம் வேறொருவருக்குப் போயிற்று. சில மாதங்களின் பின் மின்பிறப்பாக்கிப் பராமரிப்புக்கு விலை கோரியபோது அதே தம்பியின் மடல் முதல் நாள் காலையிலேயே வந்தது; விடயத்தில் "4 கோப்புகள்" என்றிருந்தது. சற்று நேரத்தில் தொலைபேசியும் ஒலித்தது. "மிஸ், நாலும் வந்ததா?" என்றார். எண்ணிப் பார்த்து, "நாலும் வந்தது" என்றேன்.